மனப்பாடத்தில் சிக்காத கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் ‘பாய்மங்கள்’ பாடத்தை வைத்து ஒரு சரிபார்ப்பு

வினாத்தாள் எழுதி முடித்ததும், இதில் புரிதலைச் சோதிக்கும் கேள்விகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறோம். அப்போது நம்மில் பலர் பார்ப்பது வினைச்சொல்லை மட்டும்தான். ‘வரையறு’, ‘கூறுக’ என்று முடிந்தால் மனப்பாடம், ‘ஏன்’, ‘காரணம் கூறு’, ‘விளக்குக’ என்று முடிந்தால் புரிதல் என்று கணக்கு எழுதிவிடுகிறோம். 1956-இல் புளூம் குழுவினர் வெளியிட்ட வகைப்பாட்டையும், 2001-இல் வந்த அதன் திருத்தத்தையும் பி.எட். படிக்கும்போது வினைச்சொல் பட்டியலாகவே படித்ததால் வந்த பழக்கம் இது. அந்தப் பட்டியல் கேள்வி எழுதத் தொடங்குவதற்கு உதவும். எழுதிய கேள்வியைச் சரிபார்ப்பதற்கு உதவாது.

‘பனிக்கட்டி நீரில் ஏன் மிதக்கிறது?’ என்ற கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ‘ஏன்’ இருக்கிறது, காரணம் கேட்கிறது. ஆனால் ‘பனிக்கட்டியின் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடக் குறைவு’ என்ற ஒரு வரி எல்லாப் பிள்ளைகளின் நோட்டிலும் இருக்கும். அடர்த்தி என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகூட அந்த வரியை எழுதி முழு மார்க் வாங்கிவிடும். ஒரு கேள்வி மனப்பாடக் கேள்வியா இல்லையா என்பது கேள்வித்தாளைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாத விஷயம். அந்தப் பிள்ளையின் கண்ணில் இதற்கு முன் என்னென்ன பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே முதல் வேலை, மேசையில் நான்கு பொருள்களை எடுத்து வைப்பது. பாடநூல், கடையில் விற்கும் கைடு, பழைய வினாத்தாள்கள், வகுப்பில் ஒழுங்காக எழுதும் ஒரு பிள்ளையின் நோட்டு. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் சாயங்கால டியூஷன் போகிற பிள்ளைகள் நிறைய என்பதால், அங்கே கொடுக்கும் ஜெராக்ஸ் தாளையும் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொள்வது நல்லது. இவற்றில் நோட்டுதான் மிக முக்கியம். பாடநூலில் இல்லாத பல விளக்கங்களை வகுப்பில் நாமே சொல்லியிருப்போம், பலகையில் எழுதிப் போட்டிருப்போம். பாடநூலை மட்டும் புரட்டிவிட்டு ‘இது புதுக் கேள்வி’ என்று முடிவு செய்தால், நாமே எழுதிப் போட்ட பதிலைத்தான் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்போம்.

அடுத்து, கேள்விக்கான பதிலை முழு வாக்கியங்களாக எழுதி, அதை அந்த நான்கிலும் தேட வேண்டும். பதில் முழுவதும் ஒரே இடத்தில் அப்படியே கிடைத்தால் அது மனப்பாடக் கேள்வி. பாதி ஒரு பக்கத்திலும் மீதி வேறு பக்கத்திலும் கிடைத்து, இரண்டையும் சேர்க்கும் வேலை பிள்ளையுடையதாக இருந்தால், புரிதல் கொஞ்சம் தேவைப்படுகிறது. விதி புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் கேள்வியில் உள்ள நிலைமை எங்குமே இல்லை என்றால், அது பயன்பாட்டுக் கேள்வியாக இருக்க வாய்ப்பு உண்டு. வாய்ப்பு என்று மட்டும்தான் சொல்ல முடியும், ஏன் என்பதைக் கீழே ஒரு கேள்வியைப் படிப்படியாக மாற்றிப் பார்த்தால் புரியும்.

தேட வேண்டிய பாடம் மிதத்தல். பிள்ளைக்குப் புரிந்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை வெளியேற்றும் அளவுக்குத்தான் அமிழும். திரவமும் பொருளின் எடையும் மாறாவிட்டால் அமிழும் அளவும் மாறாது.

முதல் வடிவம்: ‘மிதத்தல் விதிகளைக் கூறுக.’ இதைப் பற்றிப் பேச எதுவும் இல்லை. விதியைத் தெரிந்து வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் இப்படியே கேட்கலாம், 2 மார்க் கொடுக்கலாம். அதை மனப்பாடக் கேள்வி என்றே குறித்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் வடிவம்: ‘காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏராளமான விசைப்படகுகள் நிற்கின்றன. அவை தண்ணீரில் மிதக்கின்றன. இதற்குக் காரணமான மிதத்தல் விதிகளைக் கூறி விளக்குக.’ படித்தவுடன் நம் ஊர்க் கேள்வி போல இருக்கிறது. முதல் இரண்டு வாக்கியங்களைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள். பதில் மாறவே இல்லை. கதையை மறைத்த பிறகும் பதில் எழுத முடிகிறது என்றால், அந்தக் கதை கேள்விக்குப் போட்ட சட்டை மட்டுமே. பிள்ளைக்குக் கூடுதலாக இரண்டு வரி படிக்கும் வேலை, வேறொன்றும் இல்லை. கடந்த சில ஆண்டுகளாக ‘வாழ்க்கையோடு இணைந்த கேள்வி’ என்ற பெயரில் வரும் பல கேள்விகள் இந்த ரகம்தான். ஊர்ப்பெயரைச் சேர்த்தால் பயன்பாட்டுக் கேள்வி ஆகிவிடாது.

மூன்றாம் வடிவம்: ‘ஆற்றிலிருந்து கடலுக்குள் செல்லும் கப்பல் சற்று மேலெழுவது ஏன்?’ இதில் நிலைமை உண்மையிலேயே பதிலை மாற்றுகிறது. கடல்நீரின் அடர்த்தி அதிகம், ஆகவே அதே எடைக்குக் குறைந்த கன அளவு நீரை வெளியேற்றினால் போதும். அருமையான கேள்வி. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு, கைடு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. முதன்முதலில் கேட்டபோது பயன்பாடாக இருந்த கேள்வி, பதில் ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு மனப்பாடமாகிவிட்டது. இதன் எண்களை மாற்றி, ‘ஒரு கப்பலின் நிறை இவ்வளவு, வெளியேற்றும் நீரின் கன அளவு என்ன’ என்று கணக்காகக் கேட்டாலும் நிலைமை அதேதான். புத்தகத்தில் செய்து காட்டிய கணக்கில் எண்ணை மட்டும் மாற்றினால், பிள்ளை திரும்பச் சொல்வது வாக்கியத்துக்குப் பதிலாக ஒரு வழிமுறையாக இருக்கும், அவ்வளவுதான்.

நான்காம் வடிவத்துக்கு வருவோம். காசிமேட்டுப் படகுகளில் நாள் கணக்கில் கடலில் தங்குபவை, மீன் கெடாமல் இருக்க ஐஸை உடைத்து நிரப்பிக்கொண்டு போகும். போகப் போக ஐஸில் ஒரு பகுதி உருகும். உருகிய தண்ணீரைப் பம்பு வைத்து வெளியே விடுவார்கள். இந்த இரண்டு சம்பவங்களிலும் மிதத்தல் விதி முழுதாக உட்கார்ந்திருக்கிறது.

‘ஒரு விசைப்படகு ஐஸ் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் புறப்படுகிறது. வழியில் 1025 கிலோ ஐஸ் உருகிவிடுகிறது. உருகிய நீர் படகுக்குள்ளேயே இருக்கிறது. மீன் இன்னும் பிடிக்கவில்லை. டீசல் செலவைக் கணக்கில் எடுக்க வேண்டாம். (1) படகு முன்பு இருந்ததைவிட (அ) ஆழமாக அமிழும் (ஆ) மேலே எழும் (இ) அதே அளவில் மிதக்கும். உன் விடைக்குக் காரணம் எழுது. (2) உருகிய நீர் முழுவதையும் பம்பு மூலம் கடலில் விட்டுவிட்டால், படகின் அமிழ்ந்த பகுதியின் கன அளவு எவ்வளவு மாறும்? கூடுமா, குறையுமா? நன்னீரின் அடர்த்தி 1000 கிகி/மீ³, கடல்நீரின் அடர்த்தி 1025 கிகி/மீ³.’

முதல் பகுதிக்கு விடை (இ). ஐஸாக இருந்தாலும் தண்ணீராக இருந்தாலும் படகு சுமப்பது அதே எடைதான். இரண்டாம் பகுதியில் 1025 கிலோ எடை குறைகிறது, ஆகவே 1025 கிலோ கடல்நீரை இனி வெளியேற்ற வேண்டியதில்லை. 1025-ஐக் கடல்நீரின் அடர்த்தியால் வகுத்தால் 1 கன மீட்டர் குறையும். நீர்மட்டத்தில் படகின் பரப்பு 25 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் படகு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் எழும். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய அளவு அது. இந்தக் கடைசிக் கணக்கு கேள்வியில் வேண்டாம், பரப்பு என்ற இன்னொரு கருத்து உள்ளே வந்துவிடும். பின்னர் வகுப்பில் பேசும்போது சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது இந்தக் கேள்வியையும் சோதிக்க வேண்டும். இதற்கு இரண்டு பிள்ளைகளை மனதில் நிறுத்திக்கொள்வது நல்ல வழி. ஒரு பிள்ளை நோட்டில் உள்ள அத்தனை வரியும் தலைகீழாகச் சொல்லும், ஆனால் எதுவும் புரிந்ததில்லை. மற்ற பிள்ளைக்கு விஷயம் நன்றாகப் புரிந்திருக்கிறது, ஆனால் புத்தகத்து வாக்கியம் ஒன்றும் நினைவில்லை. முதல் பிள்ளை திணறி, இரண்டாம் பிள்ளை முழு மார்க் வாங்கினால் கேள்வி சரி. முதல் பிள்ளையை மட்டும் நினைத்துச் சோதிப்பதுதான் வழக்கம். இரண்டாம் பிள்ளை மாட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பது அதே அளவு அவசியம்.

மனப்பாடப் பிள்ளை என்ன செய்யும்? ஐஸைவிடத் தண்ணீருக்கு அடர்த்தி அதிகம் என்று அதற்குத் தெரியும். அதனால் ‘உருகியதும் கனம் கூடிவிட்டது’ என்று நினைத்து (அ) போடும். ஐஸ் உருகினால் கன அளவு குறையும் என்பதும் தெரியும். அதை வைத்து (ஆ) போடலாம். இரண்டு தவறான விடைகளும் சரியான தகவலிலிருந்தே பிறக்கின்றன. முதலாவதில் அடர்த்தியும் எடையும் குழம்பியிருக்கின்றன. இரண்டாவதில் படகுக்குள் இருக்கும் சரக்கின் கன அளவும், படகு வெளியேற்றும் நீரின் கன அளவும் குழம்பியிருக்கின்றன. தவறான விடைகளை இப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தக் குழப்பத்திலிருந்து ஒரு விடை வரும் என்று நம்மால் சொல்ல முடியவில்லை என்றால், அந்த விடை இடத்தை அடைக்கத்தான் இருக்கிறது. அதை எடுத்துவிடலாம். நான்கு இருந்தே ஆக வேண்டும் என்பதற்காக ‘படகு மூழ்கிவிடும்’ என்று ஒன்றைச் சேர்த்தால், அதை யாரும் தொட மாட்டார்கள்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. டம்ளர் தண்ணீரில் மிதக்கும் ஐஸ் உருகினால் நீர்மட்டம் மாறாது என்பது பிள்ளைகள் கேள்விப்பட்டது. அதை நினைவில் வைத்து (இ) போட்டுவிட்டால் தவறான வழியில் சரியான விடை கிடைத்துவிடும். டம்ளரில் ஐஸே மிதக்கிறது. இங்கே ஐஸ் படகுக்குள் இருக்கிறது, மிதப்பது படகு. அதனால்தான் காரணத்தையும் கேட்கிறோம், இரண்டாம் பகுதியையும் வைக்கிறோம். மூன்றில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கும்போது, காரணம் கேட்காத தெரிவுக் கேள்வியை வைத்துப் புரிதலை அளக்க முடியாது.

இரண்டாம் பகுதியில் இரண்டு அடர்த்திகளையும் கொடுத்திருப்பது வேண்டுமென்றே செய்தது. கடல்நீரின் அடர்த்தியை மட்டும் கொடுத்தால், கேள்வியில் இருக்கும் இரண்டு எண்களை எடுத்து வகுத்துவிட்டுப் போய்விடலாம். இரண்டும் இருக்கும்போது, எதை எடுப்பது என்று யோசித்தாக வேண்டும். ‘வெளியே விடுவது நன்னீர்தானே’ என்று 1000 எடுத்தவர்களுக்கு 1.025 என்று வரும். வெளியேற்றப்படும் திரவம் எது என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அந்த ஓர் எண்ணே காட்டிவிடும். கணக்குக் கேள்வியில் தேவைக்கு மேல் ஒரு தகவலைச் சேர்ப்பது பெரும்பாலும் பலன் தரும். இரண்டு மூன்று சேர்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

புரிந்த பிள்ளை எங்கே மாட்டும்? நிபந்தனை விட்டுப்போன இடத்தில். ‘உருகிய நீர் படகுக்குள்ளேயே இருக்கிறது’ என்ற வாக்கியம் இல்லாவிட்டால், தண்ணீர் வெளியே போய்விடும் என்று தெரிந்த பிள்ளை, அதுவும் அப்பாவோ மாமாவோ கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை, ‘மேலே எழும்’ என்று எழுதும். அது சொன்னதுதான் சரி, தப்பு கேள்வியில் இருக்கிறது. டீசல் வரியும் அப்படியே. படகு ஓட ஓட டீசல் குறையும், எடை குறையும், படகு எழும் என்று யோசிக்கிற பிள்ளை வகுப்பில் ஒன்றாவது இருக்கும். பயன்பாட்டுக் கேள்வியில் ஊர் அனுபவம் உள்ளே வருவது இயல்பு. ஆகவே கேள்விக்கு வெளியே இருக்கும் எந்த உண்மை விடையை மாற்றக்கூடும் என்று பார்த்து, அதை அடைத்துவிட வேண்டும்.

மறுபக்கம், எருக்கஞ்சேரியிலோ வியாசர்பாடியிலோ இருக்கும் பிள்ளை விசைப்படகில் ஏறியே இருக்காது. அதற்கும் கேள்வி புரிய வேண்டும். படகின் உள்ளமைப்புச் சொற்கள் வேண்டாம், எதற்கு ஐஸ் என்ற விளக்கமும் வேண்டாம். வாக்கியங்கள் குறுகலாக, ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தியாக இருக்கட்டும். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் உண்டு. அறிவியல் தெரிந்தும் வாக்கியத்தில் தடுக்கி விழுந்தால், நாம் அளந்தது வாசிப்புத் திறன்தான்.

கேள்வியை அச்சுக்கு அனுப்பும் முன் நான்கைந்து பிள்ளைகளிடம் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். அடுத்த செக்‌ஷன் பிள்ளைகள் வேண்டாம். சாயங்காலம் டியூஷனுக்குள் கேள்வி வெளியே போய்விடும். பாடத்தை முடித்துவிட்ட பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சரியானவர்கள். அவர்கள் விடையைக் கேட்பதைவிட, எந்த வரியில் நிறுத்தித் திரும்பப் படிக்கிறார்கள் என்று கவனிப்பதுதான் பயன்.

இவ்வளவு செய்தும் விடைக்குறிப்பில் எல்லாம் வீணாகிப்போவதுண்டு. விடைக்குறிப்பில் ‘மிதக்கும் பொருளின் எடை அது வெளியேற்றிய திரவத்தின் எடைக்குச் சமம்’ என்று எழுதிவைத்தால், திருத்துபவர் அந்த வாக்கியத்தைத்தான் தேடுவார். ஒரு பிள்ளை இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘ஐஸ் தண்ணியாதான் மாறிச்சு, எங்கயும் போகல. வெயிட்டு அதே வெயிட்டுதான். அதனால படகு அப்படியே இருக்கும்.’ இதற்கு முழு மார்க் கொடுக்க வேண்டும். ‘மிதத்தல் விதிப்படி வெளியேற்றப்பட்ட திரவத்தின் எடை சமம், ஐஸின் அடர்த்தி குறைவு, எனவே மாறாது’ என்று எழுதிய பிள்ளைக்குக் காரணத்துக்கான மார்க் கிடையாது. எடை மாறவில்லை என்ற ஒன்றை அது எங்குமே சொல்லவில்லை. பழக்கத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஆகவே விடைக்குறிப்பில் வாக்கியம் எழுதாமல் கருத்தைப் பிரித்து எழுத வேண்டும். இந்தக் கேள்விக்கு 5 மார்க் என்றால், (இ) என்பதற்கு 1, மொத்த எடை மாறவில்லை என்று எந்த மொழிநடையில் சொன்னாலும் 1, அமிழ்ந்த பகுதி குறையும் என்பதற்கு 1, கடல்நீரின் அடர்த்தியை எடுத்ததற்கு 1, 1 கன மீட்டர் என்ற விடைக்கு 1. கூடவே, மார்க் தரக்கூடாத ஒரு மாதிரி விடையையும், பேச்சுத் தமிழில் எழுதிய சரியான மாதிரி விடை ஒன்றையும் இணைத்துவிட்டால், வேறு ஆசிரியர் திருத்தினாலும் தடம் மாறாது.

தேர்வு முடிந்ததும் விடைத்தாள்களே கேள்வியைப் பற்றிப் பேசும். காரணப் பகுதியை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். பல தாள்களில் அதே வாக்கியம், அதே சொல் வரிசையில் வந்தால், பதில் எங்கோ எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. புரிந்து எழுதிய பதில்கள் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும், எழுத்துப்பிழையோடும் இருக்கும். பிறகு, 36 பேர் வகுப்பு என்றால், மொத்த மார்க்கில் மேலே இருக்கும் 12 பேரையும் கீழே இருக்கும் 12 பேரையும் பிரித்து, இந்தக் கேள்வியில் எத்தனை பேர் சரி என்று ஒப்பிடலாம். மேலே 8, கீழே 3 என்றால் கேள்வி பிரித்துக் காட்டுகிறது. இரண்டு பக்கமும் 11 என்றால் எளிதாகிவிட்டது அல்லது கசிந்துவிட்டது. மேலே இருப்பவர்களே அதிகம் தவறியிருந்தால் இரண்டு காரணங்களுக்கு இடம் இருக்கிறது: கேள்வியில் நிபந்தனை விட்டுப்போயிருக்கலாம், அல்லது மொத்த மார்க்கே மனப்பாடத்தால் வந்ததாக இருக்கலாம். எது என்று அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால்தான் தெரியும். ஒரு வகுப்பின் எண்ணிக்கை சிறியது என்பதால், ஒன்றிரண்டு பேர் வித்தியாசத்தை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

விடைத்தாள் கொடுத்து, வகுப்பில் இந்தக் கேள்வியைப் பேசி முடித்த நிமிடத்திலிருந்து அதுவும் நோட்டுக்குப் போய்விட்டது. அடுத்த திருப்புதல் தேர்வில் ‘ஐஸ் உருகிய படகு’ என்று திரும்பக் கேட்டால் அது மனப்பாடக் கேள்வி. எண்களையும் படகின் பெயரையும் மாற்றுவதால் பயனில்லை, எடை எப்படி மாறுகிறது என்ற நிலைமையே மாற வேண்டும். கயிற்றில் கட்டி நீருக்குள் தொங்கும் நங்கூரத்தைப் படகுக்குள் தூக்கி வைத்தால் படகு அமிழுமா, எழுமா என்று கேட்கலாம். நீருக்குள் இருந்தபோது நங்கூரமும் கொஞ்சம் நீரை வெளியேற்றிக்கொண்டிருந்தது. மேலே வந்தபின் அந்தப் பங்கையும் படகே வெளியேற்ற வேண்டும், ஆகவே அமிழும். இது ஐஸ் கேள்வியைவிடக் கடினம். எளிதாக வேண்டுமென்றால், எண்ணூரில் காமராஜர் துறைமுகத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பலை எடுத்துக்கொள்ளலாம். நிலக்கரியை இறக்கும்போது கப்பல் கடல்நீரைத் தன் தொட்டிகளில் ஏற்றிக்கொள்ளும். 20,500 டன் நிலக்கரியை இறக்கிவிட்டு 10,250 டன் கடல்நீரை ஏற்றினால், அமிழ்ந்த பகுதி எத்தனை கன மீட்டர் குறையும் என்று கேட்டால், விடை 10,000. கேள்வி ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதி, அதன் பின்பக்கத்தில் எந்தத் தேதியில் எந்த வகுப்புக்குக் கொடுத்தது, பேசும்போது எவ்வளவு சொன்னோம் என்று குறித்துவைத்தால், அடுத்த முறை தேட வேண்டிய நான்கு பொருள்களோடு ஐந்தாவதாக அந்த அட்டைக்கட்டையும் மேசையில் வைத்துக்கொள்ளலாம்.